கூடுதல் வட்டி சொல்லும் கணக்கு

2018 மே மாதம் திவான் ஹவுசிங் ஃபைனான்ஸ் என்ற மும்பை வீட்டுக்கடன் நிறுவனம், பொதுமக்களிடமிருந்து 12,000 கோடி ரூபாய் வரை திரட்டுவதற்காகக் கடன் பத்திரங்களை வெளியிட்டது. என்.சி.டி. என்று முதலீட்டாளர்கள் சுருக்கமாகச் சொல்லும், பங்காக மாற்ற முடியாத கடன் பத்திரங்கள் அவை. பத்தாண்டுப் பத்திரத்துக்கு ஆண்டு வட்டி 9.10 சதவீதம். ரேட்டிங் நிறுவனங்கள் கொடுத்திருந்த தரக்குறியீடு ஏஏஏ. அதற்கு மேல் ஒரு குறியீடு கிடையாது. அதே நாட்களில் இந்திய அரசின் பத்தாண்டுக் கடன் பத்திரத்தை வாங்கியவருக்குச் சுமார் 7.8 சதவீதம் கிடைத்துக்கொண்டிருந்தது.

இரண்டுக்கும் உள்ள இடைவெளி 1.3 சதவீதப் புள்ளி. சந்தைக்காரர்கள் இதை ஸ்பிரெட் என்பார்கள். பெரும்பாலான முதலீட்டாளர்கள் இதை ஒரு சலுகையாகப் பார்த்தார்கள்: அரசாங்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறார்கள், தரமும் உச்சத்தில் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? ஆனால் கூடுதல் வட்டியை யாரும் சும்மா தருவதில்லை. அது எதற்கான கூலி என்று கேட்டால், அந்த நிறுவனம் கடனைத் திருப்பித் தராமல் போக எத்தனை சதவீத வாய்ப்பு இருப்பதாகச் சந்தை நினைக்கிறது என்பதற்கான உத்தேசக் கணக்கு அந்த 1.3-க்குள்ளேயே கிடைக்கும். அதை வெளியே எடுக்க ஒரு வகுத்தல் போதும்.

ஓராண்டுக் கடனில் தொடங்குவோம். அரசிடம் 100 ரூபாய் கொடுத்தால் ஆண்டு முடிவில் 107.80 ரூபாய் நிச்சயமாக வரும். நிறுவனத்திடம் கொடுத்தால் 109.10 ரூபாய் வரும் என்பது வாக்குறுதி. நிச்சயமான 107.80-ஐ விட்டுவிட்டு நிச்சயமில்லாத 109.10-ஐ ஒருவர் தேர்ந்தெடுக்கிறார் என்றால், தவறக்கூடிய வாய்ப்பையும் சேர்த்துப் பார்த்தபோது இரண்டும் அவருக்கு ஏறக்குறைய ஒரே மதிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். நிறுவனம் தவறினால் ஒரு பைசாகூடத் திரும்பாது என்று வைத்துக்கொண்டால் விடை எளிது: நூற்றுக்கு ஏறத்தாழ 1.3 வாய்ப்பு. இதே தரத்தில் உள்ள நூறு நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்து, அவற்றில் ஒன்று முழுகினாலும், மற்றவை தரும் கூடுதல் வட்டி அந்த நஷ்டத்தை ஈடுகட்டிவிடும்.

ஆனால் நிறுவனம் முழுகினால் எல்லாமே போய்விடுவதில்லை. அதற்கு வர வேண்டிய கடன்கள் இருக்கும், கட்டடம் இருக்கும், வங்கியில் கொஞ்சம் ரொக்கம் இருக்கும். அவற்றை விற்றோ, முழு நிறுவனத்தையும் வேறொருவர் கையில் கொடுத்தோ, கடன் கொடுத்தவர்களுக்கு ஒரு பங்கு திரும்புகிறது. நூறு ரூபாய் பாக்கிக்கு நாற்பது ரூபாய் திரும்பினால் மீட்பு விகிதம் 40 சதவீதம். நகையை அடகு வாங்கிக் கொடுக்கும் கடனுக்கும் கைமாற்றாகக் கொடுக்கும் கடனுக்கும் வட்டி ஒன்றாக இருப்பதில்லை அல்லவா? வாங்கியவர் ஒரே ஆள்தான், தவறக்கூடிய வாய்ப்பும் ஒன்றுதான். தவறினால் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் வேறு. ஆகவே ஸ்பிரெட் என்பது தவறும் வாய்ப்புக்கு மட்டுமான விலையல்ல. தவறும் வாய்ப்பையும், தவறினால் இழக்கும் பங்கையும் பெருக்கி வரும் தொகைக்கான விலை அது.

இதைத் திருப்பிப் போட்டால் சூத்திரம் கிடைக்கிறது:

ஓராண்டில் கடன் தவறும் வாய்ப்பு ≈ ஸ்பிரெட் ÷ (1 − மீட்பு விகிதம்)

மீட்பு 40 சதவீதம் என்றால் இழப்பு 60 சதவீதம். 1.3-ஐ 0.6-ஆல் வகுத்தால் 2.17. அதாவது, ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டுக்குச் சற்று மேல். இது தோராயம்தான். 109.10 ரூபாயில் 40 சதவீதம் மீளும் என்று வைத்து முழுக் கணக்கையும் போட்டால் 1.99 வரும், அசலில் மட்டும் 40 ரூபாய் மீளும் என்று வைத்தால் 1.88 வரும். இந்த மூன்றுக்கும் இடையில் முடிவு மாறப்போவதில்லை. ஸ்பிரெட் சிறிதாக இருக்கும்வரை குறுக்குவழியே போதும்.

40 என்ற எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் அடமானச் சொத்து எதுவும் இல்லாத, ஆனால் முன்னுரிமை உள்ள நிறுவனக் கடன் பத்திரங்களில் பல பத்தாண்டுகளாகச் சராசரியாக மீண்ட அளவு அதை ஒட்டியே இருக்கிறது. அதனால் உலகெங்கும் கடன் சந்தையில் வேறு விவரம் கையில் இல்லாதபோது 40 என்று போட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சராசரி என்பதால் ஒவ்வொரு நிறுவனமும் அந்த எண்ணுக்குக் கட்டுப்படும் என்று பொருளில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

ஆண்டுக்கு இரண்டு சதவீதம் என்றால் சின்ன எண்ணாகத்தான் தோன்றும். ஆனால் பத்திரம் பத்தாண்டுக்கானது. ஓராண்டைக் கடந்து பிழைத்திருக்கும் வாய்ப்பு 97.83 சதவீதம் என்றால், அதையே பத்து முறை தன்னாலேயே பெருக்க வேண்டும். ஐந்தாண்டு முடிவில் சுமார் 90 சதவீதமும், பத்தாண்டு முடிவில் சுமார் 80 சதவீதமும் மிஞ்சும். அதாவது, 9.10 சதவீத வட்டியை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டால், பத்தாண்டுக்குள் கடன் தவற ஐந்தில் ஒரு வாய்ப்பு. ஏஏஏ என்ற மூன்று எழுத்துகளைப் பார்த்து வாங்கியவர்களில் எத்தனை பேர் இந்த ஐந்தில் ஒன்றை நினைத்திருப்பார்கள்?

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். உலக அளவில் ஏஏஏ தரம் பெற்ற நிறுவனங்களில் பத்தாண்டுக்குள் தவறியவை, ரேட்டிங் நிறுவனங்களின் பழைய பதிவுகளின்படி, நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஸ்பிரெட்டோ இருபது என்கிறது. இரண்டில் ஒன்று பொய் என்று முடிவுகட்டக் கூடாது, ஏனென்றால் ஸ்பிரெட்டுக்குள் கடன் தவறும் பயம் மட்டும் இருப்பதில்லை. அரசுப் பத்திரத்தை நினைத்த நேரத்தில் விற்கலாம். தனியார் நிறுவனத்தின் என்.சி.டி.யை எக்ஸ்சேஞ்சில் விற்கப் போனால் பல நாள் வாங்க ஆள் இருக்காது. அந்தச் சிரமத்துக்கு ஒரு கூலி உண்டு. இன்னொன்று, பொருளாதாரம் கெடும் காலத்தில் நிறுவனங்கள் கூட்டமாகத் தவறும். நம் வேலையும் வருமானமும் ஆட்டம் காணும் அதே நேரத்தில் முதலும் போகும். அப்படிப்பட்ட நஷ்டத்தைத் தாங்கச் சராசரி இழப்புக்கு மேலும் ஒரு தொகையை முதலீட்டாளர் கேட்பார். எனவே ஸ்பிரெட்டிலிருந்து வரும் எண்ணை "நூறில் இத்தனை நிறுவனம் தவறும்" என்ற முன்கணிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை ஓர் உச்சவரம்பாகப் பார்ப்பதுதான் சரி: சந்தையில் நிலவும் எல்லாப் பயங்களையும் கடன் தவறுதல் என்ற ஒரே தலைப்பில் எழுதினால் இவ்வளவு வரும்.

அந்தக் கலப்பை ஓரளவு பிரிக்க ஒரு வழி இருக்கிறது. அதே காலவரம்புள்ள, அரசுக்குச் சொந்தமான ஒரு ஏஏஏ நிறுவனத்தின் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது தவறும் என்று பெரிதாக யாரும் பயப்படுவதில்லை. ஆனாலும் அதற்கும் அரசுப் பத்திரத்துக்கு மேல் ஒரு ஸ்பிரெட் இருக்கும். அந்த இடைவெளியில் பெரும்பகுதி விற்கும் சிரமத்துக்கான கூலிதான். உதாரணத்துக்கு அது 0.6 என்று வைத்துக்கொள்வோம். தனியார் நிறுவனத்தின் 1.3-லிருந்து இதைக் கழித்தால் 0.7. அதை 0.6 இழப்பால் வகுத்தால் ஆண்டுக்கு 1.17 சதவீதம், பத்தாண்டில் சுமார் 11 சதவீதம். ஐந்தில் ஒன்று என்பது ஒன்பதில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. அப்போதும் அது ஏஏஏ என்ற குறியீடு சொல்லும் அளவைவிட வெகுதூரம் அதிகம். அரசுப் பத்திரத்தோடு ஒப்பிடுவதைவிட இந்த ஒப்பீடே எனக்கு நேர்மையானதாகப் படுகிறது.

அந்த ஆண்டு செப்டம்பரில் நிலைமை மாறியது. ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற பெரிய உள்கட்டமைப்பு நிதிக் குழுமம், சில வாரங்களுக்கு முன்புவரை உச்சத் தரக்குறியீட்டோடு இருந்தது, அடுத்தடுத்துக் கடன் தவணைகளைத் தவறவிட்டது. செப்டம்பர் 21 அன்று ஒரு மியூச்சுவல் ஃபண்டு, தன்னிடமிருந்த திவான் ஹவுசிங்கின் குறுகிய காலக் கடன் பத்திரங்களை, கமர்ஷியல் பேப்பர் என்பார்களே அவற்றை, சுமார் 300 கோடி ரூபாய் அளவுக்கு 11 சதவீத யீல்டில் விற்றது. யீல்டு என்பது, அன்றைய சந்தை விலையில் வாங்கி முதிர்வுவரை வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் ஆண்டு வருமானம். விலை இறங்கினால் யீல்டு ஏறும். செய்தி பரவியதும் நிறுவனத்தின் பங்கு அந்த ஒரே நாளில் 42 சதவீதம் விழுந்தது.

சூத்திரத்தை அன்றைக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓராண்டுக்குள் முதிரும் அரசின் கருவூலப் பத்திரங்கள் அப்போது ஏழரை சதவீதத்தை ஒட்டி இருந்தன. பதினொன்றிலிருந்து ஏழரையைக் கழித்தால் 3.5. 0.6-ஆல் வகுத்தால் 5.8. மே மாதம் ஆண்டுக்கு இரண்டு என்றிருந்த எண், நான்கு மாதத்தில் கிட்டத்தட்ட ஆறாகிவிட்டது. ரேட்டிங்கோ அன்றும் ஏஏஏ. அது இறங்கத் தொடங்கியது 2019-ன் தொடக்கத்தில்தான். மே மாதப் பத்திரம் பத்தாண்டுக்கானது, செப்டம்பரில் விற்றது குறுகிய காலத்துக்கானது என்பதால் இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வைப்பதில் ஒரு குறை இருக்கிறது. ஆனால் குறுகிய காலக் கடனுக்கே இந்த எண் இவ்வளவு ஏறுவதுதான் அதிகக் கவலை தர வேண்டிய செய்தி. பத்தாண்டில் எப்போதோ ஏதோ நடக்கும் என்ற பயமல்ல அது, அடுத்த சில மாதங்களைப் பற்றிய பயம்.

அந்த 11 சதவீதத்தில் எவ்வளவு திவான் ஹவுசிங்கின் மேலிருந்த சந்தேகம், எவ்வளவு அந்த வாரத்தின் பொதுவான பணத்தட்டுப்பாடு? ஒரே ஒரு விற்பனையை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ரொக்கம் அவசரமாகத் தேவைப்படும் ஃபண்டு, நல்ல பத்திரத்தையும் அடிமாட்டு விலைக்கு விற்கும். அதே வாரத்தில் அதே தரமுள்ள மற்ற வீட்டுக்கடன் நிறுவனங்களின் யீல்டு எவ்வளவு ஏறியது என்று பார்க்க வேண்டும். எல்லாமே சேர்ந்து ஏறியிருந்தால் அது சந்தையின் காய்ச்சல். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக ஏறி, சில வாரங்கள் கழித்து மற்றவை இறங்கிய பிறகும் அது மட்டும் இறங்காமல் நின்றால், அது அந்த நிறுவனத்தின் சொந்த நோய்.

2019 ஜூன் 4 அன்று, முந்தைய ஆண்டு வெளியிட்ட அந்தப் பத்திரங்களுக்கு முதல் ஆண்டு வட்டி வர வேண்டும். அன்றைக்கு வரவில்லை. மறுநாள் ரேட்டிங் நிறுவனங்கள் தரத்தை டி என்று இறக்கின. கடன் தவறியவர் என்பதற்கான குறியீடு அது. வட்டி சில நாள் தாமதித்து வந்தது என்றாலும், அதே மாதம் கமர்ஷியல் பேப்பருக்கான பணத்தையும் நிறுவனத்தால் முழுதாகத் தர முடியவில்லை. நவம்பரில் ரிசர்வ் வங்கி இயக்குநர் குழுவைக் கலைத்தது. டிசம்பரில் திவால் நடவடிக்கை தொடங்கியது. அந்தச் சட்டத்தின் கீழ் போன முதல் நிதி நிறுவனம் இதுதான்.

அன்றைய ஆறு சதவீதம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டது என்று பெருமையாகச் சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்வது தவறு. ஆறு சதவீதம் என்றால் நூற்றில் தொண்ணூற்று நான்கு முறை ஒன்றும் நடக்காது என்றுதான் அர்த்தம். அந்த எண் முடிவைச் சொல்லவில்லை. அது தந்த உருப்படியான தகவல் வேறு: நேற்றுவரை ஆண்டுக்கு இரண்டு என்ற ஆபத்துக்குச் சம்மதித்து வைத்திருந்த பத்திரம், இன்று ஆறு என்ற ஆபத்துள்ள வேறொரு பத்திரமாக மாறிவிட்டது. அதைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாமா என்று உட்கார்ந்து யோசிக்க அது ஒரு காரணம். ரேட்டிங்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்தக் காரணம் நான்கு மாதம் தாமதமாகத்தான் கிடைத்தது.

இனி மீட்பு விகிதத்துக்கு வருவோம். கணக்கில் நாம் 40 என்று போட்டோம். உண்மையில் என்ன கிடைத்தது? கடன்காரர்களின் ஏற்கப்பட்ட பாக்கி சுமார் 87,000 கோடி ரூபாய். 2021 செப்டம்பரில் பிரமல் குழுமம் நிறுவனத்தை 34,250 கோடிக்கு எடுத்துக்கொண்டது. நிறுவனத்திடமே இருந்த ரொக்கத்தையும் சேர்த்துக் கடன்காரர்களுக்கு வந்தது ஏறத்தாழ 38,000 கோடி. வகுத்தால் 44 சதவீதம். 40 என்ற ஊகத்துக்கு மிக அருகில் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் தவறிய நாளிலிருந்து அது கைக்கு வர இரண்டேகால் ஆண்டு ஆயிற்று. ஆண்டுக்கு எட்டு சதவீதம் என்று காலத்தின் விலையைக் கழித்தால் 37. மேலும் பிரமல் கொடுத்த 34,250 கோடியில் 19,550 கோடி ரொக்கமல்ல, 6.75 சதவீத வட்டியுள்ள பத்தாண்டுப் புதிய கடன் பத்திரங்கள். அவற்றை உடனே விற்கப் போனவருக்கு முகமதிப்பு முழுதாகக் கிடைத்திருக்காது. காகிதத்தில் 44 என்று எழுதிய மீட்பு, பொறுமை இல்லாதவரின் கையில் அதைவிடக் கணிசமாகக் குறைந்துதான் வந்து சேர்ந்தது.

சராசரியில் ஒளிந்திருக்கும் வேறுபாடு இன்னும் முக்கியம். அதே நிறுவனத்தில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டிருந்தவர்களுக்கு எந்தச் சொத்தின் மேலும் பிடிமானம் இல்லை. அவர்களுக்கு மொத்தத்தில் ஒதுக்கப்பட்டது பாக்கியில் சுமார் 23 சதவீதம். ஒரே நிறுவனம், ஒரே திவால், ஒரே தீர்வுத் திட்டம். ஆனால் வரிசையில் நிற்கும் இடத்தைப் பொறுத்து மீட்பு பாதியாகிவிட்டது.

இந்த ஊகம் கணக்கின் விடையை எவ்வளவு ஆட்டும் என்று பாருங்கள். அதே 1.3 ஸ்பிரெட்டை மீட்பு 25 சதவீதம் என்று வைத்து வகுத்தால் ஆண்டுக்கு 1.73, 60 என்று வைத்தால் 3.25. மீட்பு அதிகம் என்று நம்பினால் தவறும் வாய்ப்பு குறையாமல் கூடுகிறதே என்று முதலில் குழப்பமாக இருக்கும். ஸ்பிரெட் மாறவில்லை என்பதை நினைவில் வையுங்கள். தவறினாலும் கொஞ்சம்தான் போகும் என்ற நிலையிலும் சந்தை அதே கூடுதல் வட்டியைக் கேட்கிறது என்றால், தவறுவது இன்னும் அடிக்கடி நடக்கும் என்று அது நினைக்கிறது. ஆகவே நல்ல அடமானம் உள்ள பத்திரமும் அடமானம் இல்லாத பத்திரமும் ஒரே வட்டி தந்தால், முதலாவது நிறுவனத்தைத்தான் அதிகமாகச் சந்தேகிக்க வேண்டும்.

நிறுவனம் உண்மையிலேயே தள்ளாடத் தொடங்கியதும் இந்தக் குறுக்குவழி உடைந்துபோகும். ஓராண்டில் 109.10 ரூபாய் தர வேண்டிய பத்திரம் சந்தையில் 70 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். யீல்டு 56 சதவீதம், ஸ்பிரெட் 48, 0.6-ஆல் வகுத்தால் 80 சதவீதம். ஆனால் ரூபாயில் நேராகக் கணக்குப் போட்டால் விடை வேறு. இன்றைய 70 ரூபாய் அரசு வட்டியில் ஓராண்டில் 75.25 ஆகும். தவறாவிட்டால் 109.10, தவறினால் 40. இரண்டும் கலந்து 75.25 வர வேண்டுமானால் தவறும் வாய்ப்பு 49 சதவீதம். எண்பதுக்கும் நாற்பத்தொன்பதுக்கும் எவ்வளவு தூரம்! ஸ்பிரெட் ஐந்தாறு சதவீதத்தைத் தாண்டிவிட்டால் சதவீதக் கணக்கை விட்டுவிட்டு இப்படி ரூபாய்க் கணக்குக்கு மாறிவிடுவதே நல்லது. விலை 30 ரூபாய்க்கு இறங்கினால் இதே கணக்கு 111 சதவீதம் என்று சொல்லும். வாய்ப்பு நூறைத் தாண்ட முடியாது. அப்படி வந்தால், நாம் போட்ட 40 ரூபாய் மீட்பைச் சந்தை நம்பவில்லை என்று பொருள். அந்த நிலையில் தவறுமா என்ற கேள்வி ஏறக்குறைய முடிந்துபோயிருக்கும். எவ்வளவு மீளும் என்பதை மட்டுமே விலை சொல்லிக்கொண்டிருக்கும்.

அடுத்த முறை ஒரு நிறுவனத்தின் என்.சி.டி. விளம்பரம் உங்கள் கைக்கு வரும்போது, அதே காலவரம்புள்ள அரசுப் பத்திரத்தின் யீல்டையும், அரசு நிறுவனம் ஒன்றின் ஏஏஏ பத்திர யீல்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சந்தையில் இருக்கும் பத்திரம் என்றால் அதன் மேல் அச்சிட்ட வட்டியை விட்டுவிட்டு, இன்றைய விலையில் வரும் யீல்டை எடுங்கள். கடைசி விற்பனை எப்போது நடந்தது என்றும் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு முந்தைய விலை இன்றைய செய்தியைச் சொல்லாது. பத்திரத்துக்குப் பின்னால் என்ன சொத்து அடமானமாக இருக்கிறது, வரிசையில் உங்களுக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்பதை விற்பனை ஆவணத்தில் படித்து, மீட்பு 25-ஆ 40-ஆ என்று நீங்களே முடிவு செய்யுங்கள். வகுத்து வரும் எண்ணை ஆண்டுகளுக்குப் பெருக்கிப் பார்த்து, அந்த ஆபத்துக்கு உங்கள் பணத்தில் எவ்வளவு பங்கு தாங்கும் என்று கேளுங்கள். ஓய்வுக்காலத்துக்கென்று வைத்திருக்கும் பணம் முழுவதையும், எத்தனை ஏ இருந்தாலும், ஒரே நிறுவனத்தின் பத்திரத்தில் போடாதீர்கள்.